கொட்டகைப் படத்தில் மூன்று விளக்குகள்

மாலை நான்கு இருபதுக்கு மகளிடமிருந்து அந்தப் படம் வந்தது. நான்கு இருபத்திரண்டுக்கு நான் பதில் அனுப்பிவிட்டேன். அந்த இரண்டு நிமிடங்களில் நான் அந்தப் படத்தை ஒருமுறைகூடப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

சூலியா தெருவை ஒட்டிய சந்தில் நானும் மனைவியும் பழைய பொருள் கடை வைத்திருக்கிறோம். சுவர்க் கடிகாரம், பீங்கான் தட்டு, தையல் இயந்திரம், விளக்கு. கஃபே வைப்பவர்களும் ஹோம்ஸ்டே நடத்துபவர்களும் அலங்காரத்துக்கு வாங்குவார்கள். படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த மகள், அன்று எனக்குப் பதிலாகத் தீவிலிருந்து பாலம் தாண்டி அக்கரையில் இருக்கும் தாசேக் கெலுகோருக்குக் காரை எடுத்துக்கொண்டு போயிருந்தாள். அங்கே ஓர் அக்கா, வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய கொட்டகையை இடிப்பதற்கு முன் உள்ளே இருப்பதை விற்க நினைத்தார். சிம்பாங் அம்பாட்டில் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவருடைய மகன்தான் என்னிடம் போனில் பேசியிருந்தார்.

படத்தில் உத்தரத்திலிருந்து மூன்று விளக்குகள் தொங்கின. பின்னால் ஒரு சிறிய ஜன்னல். வெளிச்சம் அதன் வழியாக வந்ததால் மூன்றும் பாதி கறுப்பாகத் தெரிந்தன. படத்தோடு அவள் குரல் பதிவு ஒன்றும் வந்தது.

"அப்பா, இங்க செம மழை. கரண்ட் போச்சு. உள்ள ஒண்ணும் தெரியல. போன்ல பேட்டரி பத்து பர்சென்ட்தான், டார்ச் போட்டா செத்துரும். தொங்குறதுல ஒண்ண கொளுத்திக்கவா? அக்கா மண்ணெண்ணெய் இருக்குன்றாங்க. எது எதுன்னு சொல்லுங்க, சீக்கிரம்லா."

இடப்பக்கம் இருந்தது அரிக்கேன் விளக்கு. அடியில் எண்ணெய்த் தொட்டி, இரு பக்கமும் மேலே ஏறும் குழாய்கள், நடுவில் கண்ணாடி. அதில் சந்தேகமே இல்லை. நடுவில், காற்றடித்து எரிக்கும் பிரஷர் விளக்கு. பெரிய தொட்டி, அதன் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் பம்புப் பிடி, தலையில் தொப்பி. மூன்றாவது பித்தளை. கண்ணாடி இல்லை. பித்தளையைக் கண்டால் எங்கள் தொழிலில் கண் மற்றதை விட்டுவிடும். கண்ணாடி உடைந்த இன்னொரு பிரஷர் விளக்கு என்று எடுத்துக்கொண்டேன். நடுவில் இருந்ததன் அளவுதான் இதுவும் இருந்தது.

"இடப்பக்கம் அரிக்கேன், அடுத்த ரெண்டும் பிரஷர். அரிக்கேன கொளுத்திக்கோ. மத்த ரெண்டுலயும் பம்ப அழுத்திப் பாரு, தோல் வாஷர் காஞ்சிருந்தா காத்து நிக்காது, வெலைய கொறச்சுக் கேளு" என்று பதில் சொன்னேன்.

அனுப்பிய பிறகுதான் மனைவி படத்தைப் பார்க்கக் கேட்டாள். பித்தளை விளக்கை விரலால் பெரிதாக்கினாள்.

"இதுக்கு ஏன் வாய்ல ஒரு தட்டு இருக்கு?"

வாங்கிப் பார்த்தேன். தட்டு இல்லை. வெளிச்சத்தை முன்னால் தள்ளுகிற குழிந்த தகடு. அதன் நடுவில் பொட்டுப் போல ஒரு சிறு முனை. உடம்பு ஒரே தொட்டியாக இல்லை. மேலே ஒரு குவளை, கீழே ஒரு குவளை, திருகிப் பூட்டியது. உச்சியில் ஒரு சின்ன நெம்பு. பம்பு எங்கும் இல்லை. ஒரே அளவாகத் தெரிந்ததற்குக் காரணம், அது கேமராவுக்கு மிக அருகில் தொங்கியதுதான்.

கார்பைட் விளக்கு. மேல் குவளையில் தண்ணீர், கீழ்க் குவளையில் கார்பைட் கல். நெம்பைத் திருப்பினால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கல்லில் விழும், பூண்டு வாடையோடு கேஸ் கிளம்பும், அந்த முனையில் எரியும்.

விளக்கு மட்டும் என்றால் பயமில்லை. அந்த விளக்கு இருக்கும் இடத்தில் கல்லும் இருக்கும். படத்தைக் கீழே நகர்த்தினேன். விளக்குக்கு அடியில் இருந்த பலகையில் துருப்பிடித்த டின் ஒன்று. அதன் ஓரத்திலிருந்து சுண்ணாம்பு கரைத்து ஊற்றியது போல வெள்ளையாக ஏதோ வழிந்து பலகையில் காய்ந்திருந்தது. கார்பைட் நனைந்தால் மிஞ்சுவது அந்தச் சுண்ணாம்புதான். கூரை அங்கே முன்பே ஒழுகியிருக்கிறது. இப்போது மழை. மூடிய கொட்டகை. அதற்குள் என் மகளைத் தீக்குச்சி கிழிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அழைத்தேன். மணி அடிக்கவில்லை. "ஒண்ணையும் கொளுத்தாத, உடனே வெளிய வா" என்று எழுதினேன். ஒற்றைக் குறியோடு, போய்ச் சேராமல் அது அப்படியே நின்றது.

"என்னங்க? என்ன ஆச்சு?" என்றாள் மனைவி.

சொன்னேன். டின்னையும் விரலால் காட்டினேன்.

"சொந்தக்காரங்க பொண்ணு பாக்க அனுப்புற போட்டோவயே பெருசாக்கி மூக்கு சப்பையான்னு பாக்குற ஆளு நீங்க. இத பாக்க மாட்டீங்களா?" என்று கத்தினாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த அக்காவின் மகனை அழைத்தேன். தொழிற்சாலை இரைச்சலுக்கு நடுவே எடுத்தார்.

"தம்பி, உங்க கொட்டகையில கார்பைட் டின் இருக்கா?"

"இருக்கலாம் அண்ணே. அப்பா விடியறதுக்கு முன்ன ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டப் போறப்ப அந்த லைட்டுதான் தூக்கிட்டுப் போவாரு. ஏன்?"

"மழத்தண்ணி அதுல எறங்குது தம்பி. கேஸ் நெறஞ்சிருக்கும். அம்மாவுக்குப் போன் போடுங்க. யாரும் உள்ள போகக் கூடாது, தீ கூடாது, கரண்ட் வந்தாலும் சுவிட்சத் தொடக் கூடாது. என் பொண்ணு உள்ள இருக்கா."

சற்று நேரத்தில் அவரே அழைத்தார். "அம்மா எடுக்க மாட்டேங்கிறாங்க அண்ணே. இடி இடிச்சா போன அணைச்சு வச்சிருவாங்க. சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டு நானே கெளம்புறேன். பொம்பாவுக்கும் போட்டுச் சொல்லிடறேன்."

பொம்பா, அதாவது தீயணைப்புக்காரர்களிடம், எந்தப் பாதை, எந்த வீடு என்று அவரால் சொல்ல முடியும். என்னால் அதுகூட முடியாது. கார் மகளிடம். மோட்டார் சைக்கிளை எடுத்தேன். "இந்த மழையில பாலத்துல நீங்களும் விழுந்தா நான் யாருக்குன்னு பாக்குறது?" என்று மனைவி சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

கடையில் நடந்தேன். வாசலுக்கும் கல்லாவுக்கும் நடுவே எத்தனை முறை என்று தெரியாது. ஒரு வெள்ளைக்காரத் தம்பதி உள்ளே வந்து எங்கள் அரிக்கேன் விளக்கைக் காட்டி விலை கேட்டார்கள். நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் போய்விட்டார்கள். அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பத் திறந்தேன். பெரிதாக்கினேன். சிறிதாக்கினேன். ஒரு முறை, அது பிரஷர் விளக்காகவே இருக்கட்டும் என்று கெஞ்சிக்கொண்டு பார்த்தேன். பம்பு முளைக்கவில்லை.

அந்தத் தம்பியிடமிருந்து மறு அழைப்பு இல்லை. நான் அழைத்தாலும் எடுக்கவில்லை. ஓட்டிக்கொண்டிருப்பார் என்று மனைவி சொன்னாள். வேறு ஏதாவது சொல்ல வேண்டியிருப்பதால் எடுக்காமல் இருக்கிறாரோ என்று நான் நினைத்தேன். அவளும் அதையே நினைத்திருப்பாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

தெருவிளக்குகள் எரியத் தொடங்கிய நேரத்தில் எங்கள் கார் சந்துக்குள் திரும்பியது. வண்டி நிறுத்தக் கூடாத மஞ்சள் கோட்டின் மேலேயே நின்றது. மகள் இறங்கினாள். தலை முழுக்க நனைந்திருந்தது. ஒரு கையில் அரிக்கேன், இன்னொரு கையில் பிரஷர் விளக்கு. மனைவி ஓடிப்போய் அவள் முகத்தையும் கைகளையும் தடவித் தடவிப் பார்த்தாள். நான் அரிக்கேனின் திரியைத் தொட்டுப் பார்த்தேன்.

"கொளுத்தலையா?" என்றேன்.

"எத கொளுத்துறது?" என்றாள் எரிச்சலோடு. "மொதல்ல பம்ப பாத்துருவோம்னு மூணாவதுகிட்ட போனேன். தடவித் தடவிப் பாக்குறேன், பம்பே இல்ல. அப்பா இதயே தப்பா சொல்றாருன்னா அரிக்கேனயும் எப்படி நம்புறது? கேக்கலாம்னா போன் செத்துருச்சு. உள்ள வேற பூண்டு நாத்தம், தல சுத்துச்சு. கதவ தெறந்து போட்டுட்டு, இது ரெண்டையும் தூக்கிட்டு வெளிய வந்துட்டேன். நீங்க சரியா சொல்லிருந்தா அங்கயே கொளுத்திருப்பேன்ப்பா."