அடுத்தவர் கையில் இருப்பவை

சனிக்கிழமை மதியம் ஆபீஸ் காலியானதும், லிஃப்ட் சர்வீஸ் சூப்பர்வைசர் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவார். சட்டைப்பை நோட்டில் கிறுக்கியது, போனில் வந்த மெசேஜ், பதில் போடாத மெயில் எல்லாவற்றையும் புரட்டி, பாக்கி வேலைகளை ஒரே தாளில் இறக்குவார். தான் செய்ய வேண்டியது இடப்பக்கம், அடுத்தவர் கையில் இருப்பது வலப்பக்கம்.

வலப்பக்கத்தில் இழுத்தடிப்பவர்களுக்கு வாராவாரம் ஒரு நினைவூட்டல் போகும். கதவு மோட்டார் கம்பெனிக்குக் கடுப்பாகவே மெயில் தட்டினார். தாளில் அதற்குக் கீழே, வெளியூரில் வேலை பார்க்கும் மகள். "அப்புறம் கூப்பிடறேன்ப்பா" என்று அவள் மெசேஜ் போட்டு ஒரு மாதமாகிறது. அவளுக்கு மட்டும் நினைவூட்டல் போனதில்லை. பெற்ற பெண்ணையா விரட்டுவது?

அப்போது போன் அடித்தது. அவள்தான்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"ஆச்சும்மா. என்ன திடீர்னு?"

"இந்த வாரம் விட்டுப்போன வேலையெல்லாம் எழுதிட்டு இருந்தேன். அதுல நீங்களும் இருந்தீங்க."

"என் பொண்ணாச்சே" என்று சிரித்தார். முழங்கால் வலியைச் சொல்ல வாயெடுத்தார்.

"வேற கால் வருதுப்பா. அப்புறம் கூப்பிடறேன்."

கூப்பிட்டது கூப்பிட்டதுதான். தாளில் மகளின் வரியை நேர்மையாகக் கோடு போட்டு அடித்தார். பிறகு அதையே கீழே மறுபடி எழுதி, இன்றைய தேதியைப் போட்டார்.