என் உதவித்தொகை போய்ச் சேர்ந்த இடம்

மெக்கானிக்கல் கடைசி செமஸ்டரில் கோயம்புத்தூர் பம்ப் கம்பெனி ஒன்றில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்தது. மாதம் பன்னிரண்டாயிரம் என்று எச்.ஆர். மேடம் மெயில் அனுப்பியிருந்தார். அந்தப் பணத்தில் சரவணம்பட்டிப் பக்கம் அறை எடுத்தால் சாப்பாட்டுக்கு மிஞ்சாது. அறை எடுக்காவிட்டால் தினமும் மேட்டுப்பாளையம் பஸ், வீட்டுக்குள் நுழைந்ததும் "எங்க போயிட்டு வாரே?" என்ற விசாரணை. இன்னும் ஆறு மாதம் அதைத் தாங்க முடியாது என்று தோன்றியது.

மூன்று நாள் யோசித்து ஒரு மெயில் எழுதினேன். வாய்ப்புக்கு நன்றி சொன்னேன். பம்ப் வடிவமைப்பு வரைபடங்களைத் தனியாகவே போடுவேன் என்றும், பம்புகளைச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்சின் அளவீடுகளை வாங்கி கிராஃபாக மாற்றித் தரும் சின்ன புரோகிராம் ஒன்றைக் கல்லூரி புராஜெக்டிலேயே எழுதியிருக்கிறேன் என்றும் சொன்னேன். இதே ஊரில் இதே வேலைக்கு என் வகுப்பில் இருப்பவர்களுக்குப் பதினைந்திலிருந்து பதினெட்டாயிரம் வரை தருகிறார்கள், எனக்குப் பதினைந்து தர இயலுமா, இதுபற்றிப் பேச நான் தயார் என்று முடித்தேன். அத்தனை பணிவு அதில். எங்கள் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்தாலும் 'ங்க' போட்டுத்தானே வருவார்கள்.

சரியாகத்தான் எழுதியிருந்தேன். ஒன்றை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. அப்பா மேட்டுப்பாளையத்தில் பம்ப்செட் கடை வைத்திருக்கிறார். அந்தக் கம்பெனியின் டீலர். மேடம் என் மெயிலை முதலாளிக்கு அனுப்ப, முதலாளி எனக்குப் பதில் எழுதாமல் அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டார். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை சம்பளம் கேட்டால் பதில் அப்பாவுக்குத்தான் போகும் போலிருக்கிறது.

சாயங்காலம் கடை வாசலிலேயே அப்பா பிடித்துக்கொண்டார்.

"ஏங்கண்ணு, மொதலாளிகிட்டப் போயி காசு பேசிப்போட்டியா? அவரு என்ன நெனப்பாரு?"

"செய்யற வேலைக்குத்தானுங்கப்பா கேட்டேன்."

"நம்மளுக்கு என்ன கொறச்சல்? மானம் போச்சு, போ."

ஒவ்வொரு சீசனுக்கும் அதே முதலாளியிடம் மார்ஜினைக் கூட்டச் சொல்லி, டீ ஆறும்வரை மல்லுக்கட்டுபவர் இந்த மனிதர்தான். அதற்குப் பெயர் வியாபாரம். நான் ஒரு மெயில் எழுதினால் மானம் போகிறது.

மறுநாள் அப்பா சிரித்த முகமாக வந்தார்.

"உன் லெட்டர் வேல செஞ்சிருச்சு கண்ணு. மாசம் மூவாயிரம் சேத்துத் தர்றாராம்."

"நெசமாலுமாங்கப்பா?"

"ஆமா. ஊட்டுல இருந்து வரப்போற புள்ள, அதுக்கெதுக்குக் கைல காசுன்னாரு. நம்ம கடைக் கணக்குல மாசாமாசம் கிரெடிட் நோட்டாப் போட்டுர்றாராம். அடுத்த லோடுல கழிச்சுக்கலாம்."

அதாவது டெஸ்ட் பெஞ்சில் நான் நிற்பேன், என் திறமைக்கான கூடுதல் தொகை அப்பா வாங்கும் மோட்டாரில் கழியும். இரண்டு பெரிய மனிதர்கள் போனில் பேசி என் பிரச்சினையைச் சுமுகமாகத் தீர்த்துவிட்டார்கள். அம்மா பாயசம் வைக்கலாமா என்றுகூடக் கேட்டாள்.

அன்றைக்கே மேடத்துக்கு இரண்டாவது மெயில் எழுதினேன். இதில் பணிவு கொஞ்சம் குறைவு. கூட்டித்தர ஒப்புக்கொண்டதற்கு நன்றி. தொகையைத் திருத்திய ஆஃபர் லெட்டரும், அது என் வங்கிக் கணக்கில் வரும் என்ற உறுதியும் வேண்டும். டீலர் கணக்கில் வரவு வைப்பதானால் இந்த வாய்ப்பை என்னால் ஏற்க இயலாது. அனுப்பிவிட்டு இன்பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு இடத்தில் எனக்கு எதுவும் உறுதியாகவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் முதலாளியே என்னைக் கூப்பிட்டார்.

"ஏனம்மணி, அப்பனாட்டவே இருக்கறயே. பதினஞ்சு, உன்ற கணக்குலயே. அந்தப் புரோகிராம் மட்டும் ஓடலீன்னா பாத்துக்க."

"ஓடுமுங்க சார்."

ஒரு மணி நேரத்தில் திருத்திய லெட்டர் வந்தது. போனை அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசிக் கையெழுத்து வரை படித்தார். என் பெயருக்குக் கீழே அந்தத் தொகையைப் பார்த்து ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வார் என்று நின்றுகொண்டிருந்தேன். அவ்வளவு ஆசையாக இருந்தது எனக்கு.

"அப்ப அந்தக் கிரெடிட் நோட்டு?" என்றார்.

போனை வாங்கிக்கொண்டேன். அன்று சாயங்காலமே சரவணம்பட்டி அறைக்கு அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன்.