நிரம்பியே வீடு திரும்பிய பாட்டில்

மாடம்பாக்கத்திலிருந்து பள்ளிக்குத் தினமும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் எடுத்துப் போவேன். சாயந்திரம் அது நிரம்பியபடியே திரும்பி வரும். ஆசிரியைகளின் கழிப்பறைச் சாவி தலைமை ஆசிரியரின் நாற்காலிக்குப் பின்னால் தொங்கியது. பெற்றோர், பியூன் எல்லோரும் நிற்க, "சார், சாவி" என்று யார் போய்க் கேட்பது? அதற்குப் பயந்தே ஆசிரியைகள் நாங்கள் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை.

மலச்சிக்கல் வராமல் என்ன செய்யும்? டாக்டரம்மா இசப்கோல் எழுதித் தந்தார். அந்த உமி கொலஸ்ட்ராலையும் கொஞ்சம் குறைக்கும் என்றார், அதை நம்பி நான் சாப்பிட்டுவரும் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது என்றும் சொன்னார். நான் அதைக் காலையில் அரை டம்ளர் தண்ணீரில் கலக்கி, கெட்டியாவதற்குள், தினமும் சாப்பிடும் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்கினேன். ஒரே வேலையாக முடிந்துவிட்டது என்று பெருமை வேறு.

சில வாரத்தில் வயிறு இன்னும் கல்லானது. ரத்தப் பரிசோதனையில், தைராய்டு குறைந்தால் கூடுகிற டி.எஸ்.எச். அளவும் ஏறியிருந்தது. டாக்டரம்மா மாத்திரையின் அளவைக் கூட்ட பேனா எடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாத்திரை அதற்கு மேல் கூடினால் நெஞ்சு படபடக்கும் என்று ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன்.

"மாத்திரையை எப்படிச் சாப்பிடறீங்க?"

சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இசப்கோல் மாத்திரையைப் பிடிச்சு வெச்சுக்கும்மா, உடம்புல சரியாச் சேரவிடாது. தைராய்டு காலையில வெறும் வயித்துல தனியா. இசப்கோல் சாயந்திரம். முழு டம்ளர் தண்ணியில கலக்கி உடனே குடிச்சுட்டு, மேல இன்னொரு டம்ளர் குடிங்க. மத்த மாத்திரைக்கும் ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்க. பகல்ல எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?"

பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. சாவிக் கதையைச் சொன்னேன்.

"தண்ணி இல்லாம இதைச் சாப்பிட்டா உள்ளேயே அடைச்சுக்கும். மருந்தைக் கூட்டறதுக்கு முன்னாடி தண்ணியைக் கூட்டுங்க. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் பாக்கலாம்."

மறுநாள் இரண்டாம் பாடவேளை முடிந்ததும் தலைமை ஆசிரியர் அறைக்குப் போனேன். மூன்று பெற்றோர் உட்கார்ந்திருந்தனர். எரிச்சல்தான் தைரியமாக மாறியிருக்க வேண்டும்.

"சார், சாவி வேணும். இனிமே தினமும் வேணும். இதை ஸ்டாஃப் ரூம்ல ஆணியடிச்சு மாட்டிடறேன்."

அவர் திகைத்தார். "ஏன் டீச்சர், இவ்வளவு நாளா யாருமே கேக்கலையே?"

"கேக்கற மாதிரி இடத்துலயா சார் மாட்டியிருக்கீங்க?"

அவருக்கு முகம் சிவந்தது. சாவியைக் கழற்றிக் கையில் தந்தார்.

மதியம் பக்கத்து மேசைக் கணக்கு டீச்சர், என்னைவிட மூத்தவர், ஸ்டாஃப் ரூம் சுவரில் நான் மாட்டிய அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தார். "எத்தனை வருஷமாச்சுடி, பகல்ல இப்படிக் குடிச்சு" என்றார். சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது.

இரண்டு மாதத்தில் வயிறும் சரியானது, டி.எஸ்.எச். அளவும் இறங்கியது. மாத்திரை பழைய அளவில்தான் இருக்கிறது. சாயந்திரம் வீட்டுக்கு வருகிற பாட்டில்கள் எல்லாம் காலி.