பனிப்பாட்டும் இரண்டு புத்தகமும்

மகனுக்குப் பார்த்த பெண்ணுக்கு ஊர் சாந்தன்பாறை. மலையாளக் குடும்பம். பெண்ணின் அம்மாவுக்கு இந்தக் கல்யாணத்தில் பாதி மனசுதான். ஒன்றே ஒன்று கேட்டார்.

"சம்பந்தி, தாலி கெட்டும்போ எங்க சர்ச்சுப் பாட்டு வேணும். தமிழிலே பாடினா மதி. அர்த்தம் மாறண்டா."

தமிழில் பாடினால் போதும், அர்த்தம் மட்டும் மாறக் கூடாது. ஒருமுறை ஏலக்காட்டுப் பனியில் வழி தப்பியபோது அதைப் பாடிக்கொண்டேதான் வீடு சேர்ந்தாராம்.

பள்ளிவாசல் என்கிற எங்கள் மலையூரின் சர்ச்சில் பாட்டு எடுத்துக்கொடுப்பவன் நான். நான் ஒரு வரி பாடினால் கூட்டம் திருப்பிப் பாடும். அதனால் சரி என்றேன்.

'மஞ்ஞில் வழி மறந்நால், விளக்காய் நீ வரணே.' பனியில் வழி மறந்தால் விளக்காக வா. அவ்வளவுதான் பாட்டு. 'மறந்நால்' வரும்போது குரல் மேலே ஏறி, 'நா'வில் நின்று இழுக்கும்.

அச்சில் இரண்டு தமிழ் கிடைத்தது. பழைய புத்தகத்தில், 'மூடுபனியில் மார்க்கம் மறக்குமிடத்து, தீபமாய் எழுந்தருள்வீர்.' புதியதில், 'தன்னந் தனியாய் நின்றால், விளக்காய் நீ வருவாய்.'

புதியதைப் பாடினேன். மெட்டில் அப்படியே உட்கார்ந்தது. 'நின்றா' என்று எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம்.

அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள். "ஏங்க, தாலி கட்டுற நேரத்துல தன்னந்தனியா நிக்கேன்னா பாடப் போறீய? பக்கத்துல மாப்பிள்ளை நிக்கான்லா?"

பனியும் இல்லை, வழியும் இல்லை. விளக்கு மட்டும் மிச்சம்.

பழையதைப் பாடினேன். பனி, வழி, விளக்கு மூன்றும் இருந்தன. ஆனால் சொல் அதிகம், மூச்சு முட்டியது. இழுக்க வேண்டிய இடத்தில் 'த்து' வந்து நின்றது. குறில். நீட்டிப் பார்த்தேன்.

"சம்பந்தியம்மா மூஞ்சில துப்புத மாதிரி இருக்கு" என்றாள்.

பாட எளிது புதியது. பொருள் பழையதில்தான். அவர் கேட்டது பொருள். பழையதையே எடுத்தேன். இழுப்பை 'மார்க்கம்' என்பதன் 'மா'வுக்கு மாற்றினேன். நெடில், வாய் திறந்து நிற்கும். மீதியை வேகமாக ஓட்டி 'த்து'வைச் சட்டென்று வெட்டினேன். ஒரு வாரம் தேயிலை ஆலையில் மெஷின் சத்தத்துக்குள் பாடிப் பழகினேன்.

கல்யாணத்தன்று மகன் தாலியைக் கையில் எடுத்தான். நான், 'மூடுபனியில் மா...ர்க்கம் மறக்குமிடத்து' என்று சுத்தமாக முடித்தேன்.

கூட்டம் திருப்பிப் பாடியது. 'தன்னந் தனியாய் நின்றா...ல்.'

எல்லார் கையிலும் புதிய புத்தகம். எதைப் பாடப் போகிறேன் என்று கூட்டத்திடம் நான் சொல்லவே இல்லை.

மகன் முடிச்சுப் போடாமல் என்னைப் பார்த்தான். நான் சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். அவர் எழுந்து நின்றார். கண்ணை மூடிக்கொண்டு, எங்கள் இரண்டு தமிழுக்கும் மேலே, 'மஞ்ஞில் வழி மறந்நா...ல்' என்று இழுத்தார். கூட்டம் அடங்கியது. மகன் முடிச்சுப் போட்டான்.

பந்தியில் என் இலைக்கு அவரே சோறு வைத்தார்.

"அர்த்தம் நிங்ஙள்தான் சரியாயிட்டுப் பாடினீங்க, சம்பந்தி. ஆனா பாட்டு கூட்டத்துக்காரங்கதான் பாடினாங்க."

"ஆமா" என்றேன்.