ஆவணி பிறக்கும் முன் போனவன்

"திங்கக்கிழம சிங்கப்பூர்ல வேலைக்குச் சேரணும் மச்சான்" என்றான் என் தொழில் கூட்டாளி. கணினித் திரையை விட்டு முகத்தை எடுக்காமலேயே சொன்னான். ஈப்போவில் பல் கிளினிக் ஒன்றுக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கீழே யாருக்கோ பல்லை ராவிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் தரை வழியாக ஏறி என் நாற்காலிக் கால்களுக்குள் புகுந்தது.

அவன் மனைவி சிங்கப்பூரில் நர்ஸ். ஆறு மாத கர்ப்பம். இரண்டு முறை இரத்தம் கண்டுவிட்டது. படுக்கையை விட்டு இறங்கக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஆளில்லாத ஒற்றை அறை. அவள் சம்பளம் நின்றாலும் வாடகை நிற்காது. இவனுக்கு முன்பு அங்கே வேலை செய்த காலத்து பி.ஆர்., நிரந்தரவாச அனுமதி, இன்னும் உயிரோடிருந்தது. பழைய முதலாளி வரச் சொல்லிவிட்டார்.

சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தேன். ஆவணி பிறக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது.

எங்கள் கம்பெனி சின்னது. தெலுக் இந்தான், பாகான் டத்தோ பக்கம் ஐந்து ஏக்கர், எட்டு ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர்களுக்கு லோரி பிடித்துத் தருவது. வெட்டிய பழக்குலை மறுநாளைக்குள் எண்ணெய் ஆலைக்குப் போய்ச் சேரவேண்டும், இல்லையென்றால் கெட்டு விலை இறங்கும். எந்த லோரி எங்கே காலியாக வருகிறது, எவர் தோட்டத்தில் எவ்வளவு குலை கிடக்கிறது என்று ஃபோனில் சேர்த்துவைக்கும் மென்பொருளை, எங்கள் கம்பெனியின் மூளையை, அவன் எழுதினான். மண்சாலைகளில் ஓடி, ஆட்களைப் பிடித்து, திட்டு வாங்கி, தேநீர் குடித்து, நம்பவைப்பது என் வேலை. நான் பிறந்த ரப்பர் தோட்டமும் இப்போது செம்பனைதான். அந்த ஆட்களின் பேச்சு எனக்கு வரும், அவனுக்கு வராது. அவன் எழுதுவது எனக்குத் தலைகீழாகப் பிடித்தாலும் புரியாது. ஒருவன் இல்லாமல் மற்றவன் இல்லை என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் ஒப்பந்தமே போட்டோம்.

போன வருஷம் ஆனி மாதத்திலேயே வேலையைத் தொடங்கிவிட்டோம். ஆடியில் வக்கீல் பெண் ஒப்பந்தத்தைத் தயார் செய்து, பொறுமையாக விளக்கினாள். ஆயிரம் பங்கு. எனக்கு நானூற்று நாற்பது, அவனுக்கு நானூற்று நாற்பது, முதல் போட்ட தைப்பிங் பெரியவருக்கு நூற்றிருபது. பங்குகள் இப்போதே எங்கள் பெயரில் இருக்கும், ஆனால் உழைத்துத்தான் அவை முதிரும். நான்கு வருஷம். முதல் வருஷம் முடிந்த அன்று கால் பங்கு ஒரே வீச்சில் முதிரும், மீதி மாதாமாதம். அந்த முதல் வருஷத்துக்குப் பெயர் கிளிஃப். அது முடியும் முன் யார் போனாலும் கையில் ஒன்றும் நிற்காது. அத்தனை பங்கையும் மிஞ்சியிருக்கும் நிறுவனருக்கு ஒரு ரிங்கிட்டுக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். அதற்கான மாற்றுப் பத்திரத்தில் இருவரும் முன்கூட்டியே கையெழுத்திட்டு, தேதி போடாமல், கம்பெனி செகரட்டரியிடம் கொடுத்துவைக்க வேண்டும். வேறு வேலையில் சேர்ந்தால் அதுவும் போனதாகத்தான் கணக்கு. செத்துப்போனாலோ, தானே படுத்துவிட்டாலோ வேறு கணக்கு. மனைவி படுத்தால் என்ன என்று அதில் இல்லை. நாங்களும் கேட்கவில்லை.

"எந்தத் தேதியிலருந்து எண்ணறது?" என்று அவள் கேட்டாள். "வேலைய ஆரம்பிச்ச தேதியையே போட்டுடலாம். அதான் வழக்கம்."

அப்போதுதான் அவன் அம்மா தெலுக் இந்தானிலிருந்து கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டான். "ஆடியில போய் யாராச்சும் கையெழுத்துப் போடுவாங்களா டா? ஆவணி பொறக்கட்டும். தேதியும் ஆவணியிலயே இருக்கட்டும்."

"நாலு வருஷத்துல ஒரு ரெண்டு மாசம் முன்ன பின்ன, என்ன போச்சு லா" என்று அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். வக்கீல் பெண் தோளைக் குலுக்கிவிட்டு ஆவணி முதல் தேதியை அடித்தாள்.

ஆனியிலிருந்து எண்ணியிருந்தால் அவனுடைய நூற்றுப்பத்து பங்கு இந்நேரம் முதிர்ந்திருக்கும். இராத்தூக்கம் கெட்டு, கண் வீங்கி, ஒரு வருஷத்துக்கு மேல் உழைத்தவன் வெறுங்கையோடு போகப்போகிறான். அவனுடையதெல்லாம் என் மடியில் வந்து விழப்போகிறது.

"சம்பளமில்லாத லீவு போடு" என்றேன்.

"லீவு போட்டா கடியாரம் நின்னுரும். ஒப்பந்தத்துல இருக்கு. நான்தானே உக்காந்து படிச்சேன், நீ எங்க படிச்ச?"

வக்கீலைக் கூப்பிட்டேன். பங்குதாரர் மூவரும் கையெழுத்துப் போட்டால் தேதியை மாற்றலாம் என்றாள். இரண்டு கையெழுத்து ஆயத்தமாக இருந்தது. மூன்றாவதைத் தேடி தைப்பிங்குக்குக் காரை விட்டேன்.

தைப்பிங்கில் மழை. வைப்பர் அடித்து அடித்து அலுத்துப்போகும் மழை. பெரியவர் ஓய்வுபெற்ற கணக்காய்வாளர், யாழ்ப்பாணத்து வழி. வாசலிலேயே துண்டு கொடுத்துத் தலையைத் துவட்டச் சொன்னார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அந்தப் பெண்ணின் உடம்பு எப்படி என்று இரண்டு முறை விசாரித்தார். பிறகு, "தேதியை மாத்தேலாது, தம்பி" என்றார்.

"மூணு வாரம்தாங்க ஐயா."

"நல்ல நாள் பார்த்தது நீங்கள். நான் பார்க்கேல்லை." குரலில் கோபமில்லை. "என்ர மருமகன்ர கம்பெனியில ஒருத்தன் மூண்டில ஒரு பங்கோட அவுஸ்திரேலியா போயிட்டான். பிறகு கம்பெனியை வாங்க ஆள் வந்த நேரம் அவன் கையெழுத்துப் போடமாட்டன் எண்டிட்டான். அவ்வளவுதான், எல்லாம் படுத்திட்டுது. இண்டைக்கு இவனுக்குக் குழந்தை. நாளைக்கு வாறவனுக்கு வேற ஏதும். நல்ல காரணம் இல்லாம ஆர் போறான்?"

நான் கெஞ்சினேன். எப்படிக் கெஞ்சினேன் என்று எழுத முடியவில்லை. மழை என் பேச்சை விட உரக்கக் கெஞ்சியது. அவர் எழுந்து போய்த் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

"விதியைத் தொடாதேயும். உம்மட பங்கைத் தொடும். அவன்ர பங்கு உம்மட்ட வரும். ஆவணியில உமக்கு முதிரும். முதிர்ந்ததில அவன்ர பாகத்தைத் திருப்பிக் குடும். பங்கு கைமாறினா எனக்குத்தான் முதல்ல வாங்குற உரிமை இருக்கு, அதை நான் விட்டுத்தாறன். எழுதியே தாறன்."

"இப்பவே குடுக்க முடியாதா?"

"உமக்கே இன்னும் முதிரேல்லை. எதைக் குடுப்பீர்?"

அதுதான் உண்மை. ஒருவன் விட்டுப்போகும் பங்குகளும் என்னுடையவற்றோடு சேர்ந்து அதே அட்டவணைக்குள் விழும் என்றும், முதிராத பங்கை யாருக்கும் மாற்றக் கூடாது என்றும் ஒப்பந்தம் சொன்னது. மூன்று வாரத்துக்கு என் கையும் கட்டுண்டு கிடந்தது. திரும்பும் வழியெல்லாம் இதை அவனிடம் சொல்லும் வாக்கியத்தைத் தேடினேன். வாக்கியங்களில் பிழைப்பதாக நினைத்துக்கொண்டிருப்பவன் நான். ஒன்றும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை செகரட்டரி அக்காவின் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தோம். அக்கா மாற்றுப் பத்திரத்தை மேசையில் வைத்து, அன்றைய தேதியை எழுதும் முன் இருவர் முகத்தையும் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் சம்மதந்தானே?"

"சம்மதம் எதுக்கு அக்கா? நாங்கதான் போன வருஷமே கையெழுத்துப் போட்டாச்சே" என்றான்.

நான் பெரியவர் சொன்ன வழியைச் சொன்னேன். ஆவணி வந்ததும் நூற்றுப்பத்தும் உன் பெயருக்கு வரும் என்றேன்.

"குடுக்கறதுன்னா இன்னிக்கே குடு."

"இன்னிக்கு முடியாதுடா. எனக்கே முதிரல."

"நல்லா இருக்கு லா. எனக்கும் முதிரல, உனக்கும் முதிரல. ஆனா எல்லாம் உன் பேர்ல." அவன் சிரித்தான். "எங்கம்மா ஆடிக்குப் பயந்தாங்க, சரி. நீ எதுக்கு மச்சான் பயப்படுற?"

"எழுதித் தரேன். இப்பவே எழுதித் தரேன்."

"எழுதினது போதும்." சட்டைப்பையிலிருந்து ஒரு ரிங்கிட் நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தான். "நீதான் எனக்குத் தரணும். மறந்திருப்ப. கடனா வெச்சுக்க, திருப்பி என்கிட்டயே குடு."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். நான் அந்த நோட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். அவன் வாங்கி மடித்து வைத்துக்கொண்டான். அதோடு எல்லாம் சட்டப்படி முடிந்துவிட்டது. எண்ணூற்று எண்பது பங்குக்கு உரியவனாகப் படியிறங்கினேன்.

அடுத்த வாரமே மூளை நின்றது. ஒரே லோரியை மூன்று தோட்டத்துக்கு அனுப்பிவைத்தது, நான்காவதை மறந்தது. "தம்பி, பழம் வெயில்ல கெடக்கு, எங்க உங்க லோரி?" என்று பாகான் டத்தோவிலிருந்து ஒருவர். "சூசா பண்ணாதீங்க லா, இந்தத் தொல்லையே வேணாம், பழைய லோரிக்காரனையே கூப்புட்டுக்கறேன்" என்று இன்னொருவர். ஃபோனைக் காதில் வைத்தபடி வேறொரு ஃபோனில் லோரிக்காரர்களைக் கெஞ்சினேன். அவனைக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மருத்துவமனையில் இருப்பான் என்று எனக்கு நானே சொன்னேன். வேண்டுமென்றே எடுக்கவில்லை என்றும் நானே சொன்னேன். இரண்டில் எது அதிகம் வலிக்கிறது என்று தெரியாமல் அலுவலகத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். திரையில் அவன் எழுதிய வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. வீடு என்னுடையது, சாவித்துவாரம் எங்கே என்று தெரியவில்லை.

ஆவணியில் அந்தத் தேதி வந்தது. சாதாரண நாள். ஒரு மணியும் அடிக்கவில்லை. எண்ணூற்று எண்பதில் கால் பாகம், இருநூற்றிருபது, எனக்கு முதிர்ந்ததாக அக்கா செய்தி அனுப்பினார். அன்று மதியமே போய் அதில் பாதியை அவன் பெயருக்கு மாற்றும் பத்திரத்தில் கையெழுத்திட்டேன். பெரியவரின் கடிதம் ஏற்கெனவே வந்திருந்தது. வாங்குபவனும் கையெழுத்துப் போடவேண்டும். கூரியரில் சிங்கப்பூருக்கு அனுப்பினோம்.

வாங்கமாட்டான் என்று நினைத்தேன். வாங்காமலிருந்தால் அவன் என்னை மன்னிக்கவில்லை, வாங்கினால் மன்னித்துவிட்டான் என்று எப்படியோ ஒரு கணக்கு எனக்குள் உருவாகியிருந்தது. அந்தக் கணக்கோடு எழுந்தேன், அதோடு படுத்தேன்.

பத்திரம் திரும்பி வந்தது. உரிய இடத்தில் கையெழுத்து, அடையாள அட்டை எண், எல்லாம் சுத்தம். ஒரு துண்டுத்தாள்கூட உடன் இல்லை. அக்கா முத்திரை வரி கட்டி, பங்குதாரர் பதிவேட்டில் அவன் பெயரை ஏற்றினார்.

பிறகு புதிதாக ஒரு புரோகிராமர் பெண்ணை எடுத்தேன். அவளுக்கும் பங்கு ஒதுக்கவேண்டும், அவளுக்கும் ஒரு வருஷக் கிளிஃப். இம்முறை வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே எண்ணச் சொன்னேன். அந்தத் தீர்மானத்தை அக்கா எல்லாப் பங்குதாரருக்கும் அனுப்பினார். அவனிடமிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்தது, அக்காவுக்கு, எனக்கும் ஒரு நகலோடு: "சம்மதம்." கீழே முழுப்பெயர், நூற்றுப்பத்து பங்கு.

பதில் எழுத உட்கார்ந்தேன். உன் மனைவிக்கு எப்படியிருக்கு, குழந்தை பிறந்துவிட்டதா என்று அடித்தேன். அழித்தேன். மச்சான் என்று மட்டும் அடித்து, அதையும் அழித்தேன். கடைசியில் "கிடைத்தது, நன்றி" என்று பங்குதாரருக்கு எழுதுவதுபோல் எழுதி அனுப்பினேன். கீழே பல்லை ராவத் தொடங்கினார்கள். புதிய பெண் அவன் நாற்காலியில் சாய்ந்து, அவன் எழுதிய வரிகளைப் பார்த்து, "இத யாரு சார் எழுதுனது, அழகா இருக்கே" என்றாள்.

"எங்க பங்குதாரர் ஒருத்தர்" என்றேன்.