சொந்த வார்த்தைக்கு மூன்று மதிப்பெண்

ஹைதராபாத் மாரெட்பள்ளியில் உள்ள ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு முன்கோபம் அதிகம். அதைக் கண்டிப்பு என்று நானே பெயர் சூட்டிக்கொண்டிருந்தேன்.

சுருக்கி எழுதும் பயிற்சியை மூன்று பிரிவாகத் திருத்துவோம். பத்தியில் உள்ளதைப் பிசகாமல் சொன்னால் நான்கு மதிப்பெண், முக்கியமான கருத்துகளை மட்டும் பொறுக்கி எடுத்தால் மூன்று, தன் சொந்த வார்த்தையில் எழுதினால் மூன்று. என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பத்தியிலிருந்து முழு வாக்கியங்களைப் பிய்த்து ஒட்டுவார்கள். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருடம் தமிழ்ப் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள். அப்பா கச்சிபௌலியில் உள்ள கம்பெனி ஒன்றுக்கு கேப் ஓட்டினார். எங்கள் பள்ளியிலேயே பதினொன்றும் பன்னிரண்டும் படிக்க இரண்டு பேருக்கு இலவச இடம் உண்டு. அதற்கு ஒரு தனித் தேர்வு. அது கிடைத்தால்தான் அவள் மேலே படிக்க முடியும் என்று அவள் அம்மா என்னிடம் சொல்லியிருந்தார்.

தேர்வுக்குப் பத்து நாள் முன்பு தடுப்பூசி பற்றி ஒரு பத்தி கொடுத்தேன். அவள் நன்றாகத்தான் எழுதியிருந்தாள். வாக்கியங்கள் எல்லாம் அவளுடையவை. 'தடுப்பூசி', 'நோய் எதிர்ப்புச் சக்தி' என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் மட்டும் பத்தியில் இருந்தபடியே இருந்தன. துறைச் சொற்கள் அப்படியே இருக்கலாம், அது காப்பி ஆகாது என்று ஆசிரியர்கள் கூட்டத்தில் மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னவளே நான்தான். அன்று காப்பியடித்த முப்பது தாள்களைத் திருத்திவிட்டு எரிச்சலின் உச்சியில் இருந்தேன். அவள் தாளிலும் சிவப்பு வட்டங்களாகப் போட்டுத் தள்ளினேன். மூன்றுக்குப் பூஜ்யம். கீழே, 'உன் வார்த்தை எங்கே? ஒரு சொல்லைக்கூடக் கடன் வாங்காதே' என்று எழுதினேன்.

அவள் அதைப் படித்தாள். தாளை நான்காக மடித்துப் பென்சில் டப்பாவுக்குள் வைத்துக்கொண்டாள்.

தேர்வில் வந்தது நிலத்தடி நீர் பற்றிய பத்தி. போர்வெல்கள் ஆழமாகத் தோண்டப்பட்டதால் பழைய திறந்த கிணறுகள் வற்றிப்போனதுதான் அதன் சாரம். ஒவ்வொரு தாளையும் ஒருவர் திருத்துவார், இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திடுவார். அவள் தாளைத் திருத்தியவர் என் சக ஆசிரியை. இரண்டாம் கையெழுத்து என்னுடையது.

பெயர் மறைக்கப்பட்டிருந்தாலும் எழுத்தை வைத்தே அவள் தாள் என்று தெரிந்தது. 'நிலத்தடி நீர்' என்பதை 'மண்ணின் ஈரம்' ஆக்கியிருந்தாள். 'போர்வெல்' என்ற சொல்லைத் தொடவே இல்லை. போர்வெல்லும் 'கிணறு', பழைய திறந்த கிணறும் 'கிணறு'. ஆக, கிணறுகளால் கிணறுகள் வற்றின என்றும், மண்ணில் ஈரம் போய்விட்டது என்றும் நின்றது. சொந்த வார்த்தைக்கு மூன்று. முக்கியக் கருத்துக்கு இரண்டு. பிசகாமல் சொன்னதற்கு நான்கில் ஒன்று. எந்தப் பிரிவிலாவது பாதிக்குக் கீழே போனால் இடம் கிடையாது.

சக ஆசிரியை போட்டதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நான் திருத்தியிருந்தாலும் அதே ஒன்றுதான். ஆனால் எப்படி அப்படி எழுதினாள் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்கு நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன், முதல்வரிடம் போய் மறுதேர்வு கேட்போம் என்று வாயைத் திறந்திருக்கலாம். எனக்கு வெட்கமாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

மாற்றுச் சான்றிதழ் வாங்க அவள் அப்பாவோடு வந்தாள். ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு துணிக்கடையில் மகள் வேலைக்குச் சேரப்போவதாக அவர்தான் சொன்னார். அவர் அலுவலகத்துக்குள் போனதும் அவள் என்னிடம் வந்தாள். பென்சில் டப்பாவைத் திறந்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்தாள். மடிப்பு ஓரங்கள் நைந்திருந்தன.

"மிஸ், நீங்க எழுதுன மாதிரியே ஒரு வார்த்தைகூட விடாம மாத்திட்டேன். அப்புறம் எதுல போச்சு?"

கேள்வியில் குறை சொல்லும் தொனியே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அந்தச் சிவப்பு வட்டங்களைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன்.

"பத்தியை நீ சரியாப் புரிஞ்சுக்கலம்மா."

அவளுக்கு அந்தப் பத்தி எங்களைவிட நன்றாகப் புரிந்திருக்கும். அவள் ஊரில் கிணறு வற்றித்தான் அவள் அப்பா ஹைதராபாத் வந்தார். அதை அவள் அம்மா முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார்.

"சரி மிஸ்" என்றாள். தாளை அதே மடிப்பில் மடித்து டப்பாவுக்குள் வைத்துக்கொண்டாள்.