போய்ச் சேர்ந்தவன் கொடுத்த மனு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கோயமுத்தூர் லேத் பட்டறையில் இரும்புத்தூள் கூட்டி, பார்த்துப் பார்த்தே தொழில் படித்து, மஸ்கட்டில் ஒரு பட்டறையையே பதினோரு வருஷம் நடத்தினேன். எவன் சிபாரிசிலும் ஒரு போல்ட் திருகியதில்லை.

நானும் சம்சாரமும் ஊர் திரும்பிய வாரமே ரேஷன் கடைக்குப் போனோம். மெஷினில் அட்டையைக் காட்டிய கடைக்காரர், "கார்டு ரத்தாகிப் போச்சுங்க. தாலுகா ஆபீஸ்ல கேளுங்க" என்றார்.

அங்கே வழங்கல் அலுவலர் ஒரு இளம் பெண். கம்ப்யூட்டரைப் பார்த்துத் தயங்கினார்.

"ரெண்டு பேரும் இறந்துட்டதாப் போட்டிருக்குதுங்கய்யா."

"அப்ப உங்க முன்னாடி நிக்கறது யாருங்க?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். "புதுசா விண்ணப்பிச்சுருங்க. சுளுவா முடியும்."

"செத்தவனா இருந்துபோட்டு மறுக்காப் பொறக்க எனக்கு இஷ்டமில்லீங்க. இறப்புச் சான்றிதழ் இருந்தாக் காட்டுங்க, நானே போய்ப் படுத்துக்கறேன்."

சான்றிதழ் இல்லை. பழைய விசாரணைத் தாள்தான் வந்தது: 'வீடு பூட்டியுள்ளது. இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டார் தெரிவித்தார்.'

எனக்கு விளங்கிவிட்டது. மஸ்கட்டில் இறங்கியதும் பக்கத்து வீட்டு அம்மணிக்குத்தான் முதல் போன் போட்டேன். "பத்திரமாப் போய்ச் சேந்துட்டோம்." விசாரிக்க வந்தவரிடம் அந்த அம்மணி அதை அப்படியே ஒப்பித்திருக்கிறது.

அலுவலரும் விடவில்லை. "வெளிநாடு போறப்பக் கார்டை ஒப்படைச்சிருக்கோணுங்க. எப்படியும் ரத்தாகியிருக்கும்."

"அது என் தப்புங்க. வெளிநாடு போனான்னு ரத்து பண்ணியிருந்தா வாயே தொறக்கமாட்டேன். செத்தான்னு எழுதுனதை நீங்கதான் அழிக்கோணும்."

வாசலில் மனு எழுதுகிறவர் கூப்பிட்டார். போகவில்லை. என் கையாலேயே எழுதினேன். எழுத்து கோணல், விஷயம் நேர். பாஸ்போர்ட்டில் வந்திறங்கிய முத்திரைப் பக்கம், ஆதார், கேஸ் பில் எல்லாம் சேர்த்துக் கொடுத்தேன். அலுவலர் படித்துவிட்டு, "விசாரணைக்கு ஆள் வருவாங்க. குடியிருக்கறது உறுதியானா பழைய கார்டே வரும்" என்றார்.

மூன்றாம் வாரம் வருவாய் ஆய்வாளர் வந்தார். நேராகப் பக்கத்து வீட்டுக்குத்தான் போனார். எங்கள் மொட்டை மாடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அவங்க ரெண்டு பேரும் என்னங்க ஆனாங்க?"

அந்த அம்மணிக்கு நடந்ததெல்லாம் தெரியும். 'சேந்துட்டாங்க' என்ற வார்த்தையைத் தொடவே பயம். "வந்து... வந்துட்டாங்க. உசுரோட இருக்காங்க சாமி! அதா, மாடில நிக்கறாரு, நீங்களே பாத்துக்கங்க!"

கையை ஆட்டினேன். ஆய்வாளர் குறித்துக்கொண்டார்.

அடுத்த மாதம் பழைய கார்டே வந்தது. கடையில் என் கட்டைவிரலை வைத்தேன். இரும்பு தேய்த்த ரேகை. மெஷின் இரண்டு தடவை முடியாது என்றது.

"அம்மாவை வைக்கச் சொல்லுங்க" என்றார் கடைக்காரர்.

"நான்தானுங்க வைப்பேன்."

விரலை வேட்டியில் துடைத்து மறுபடியும் அழுத்தினேன். எடுத்துக்கொண்டது.

"துவரம்பருப்பு ஒரு கிலோ" என்றேன், வரிசையில் கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி.